மேசையைத் தாண்டினால் இளைக்கும் தங்கம்

உடம்பு இளைக்க என்னென்னவோ வைத்தியம் சொல்கிறார்கள். கொள்ளு ரசம் குடி, வெந்நீர் குடி, ராத்திரிச் சோற்றை விடு. தங்கம் இளைக்க இத்தனை பாடு வேண்டாம். நகைக்கடன் கம்பெனியின் மேசையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் போதும். ஐந்து நிமிடத்தில் ஐந்து கிராம் கரைந்துவிடும். கூடவே இரண்டு காரட்டும் இறங்கும். கரைந்தது எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. நகை முழுசாகத்தான் பாக்கெட்டுக்குள் இருக்கிறது. இளைத்தது சீட்டில் மட்டும்.

அந்தச் சீட்டைத்தான் நம் ஊரில் யாரும் படிப்பதில்லை. நாலாக மடித்து, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். மீட்கப் போகும்போதுதான் வெளியே வரும். நாம் படிக்க மாட்டோம் என்பது அடித்தவர்களுக்குத் தெரியும். எழுத்தின் அளவைப் பார்த்தாலே அது விளங்கும்.

ஒரு அக்காவை வைத்துக்கொள்வோம். தையல்கடை அக்கா. ஜூன் மாதம், மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு முகப்புச் செயின், இரண்டு வளையல், ஒரு ஜோடி கல்தோடு. மொத்தம் 50 கிராம். முகப்பிலும் தோட்டிலும் உள்ள கல்லை எடுத்தால் 2 கிராம் போகும்; மீதி 48 கிராம் தங்கம். எல்லாம் ஹால்மார்க் போட்டு வாங்கியது, 22 காரட். கணக்கு எளிதாக இருக்க, 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைப்போம். ஆக அக்கா கொண்டுபோன தங்கம் 4,80,000 ரூபாய் பெறும். அவருக்கு வேண்டியது 3 லட்சம். அதைக் கொடுத்தார்கள், சீட்டும் கொடுத்தார்கள். சீட்டில் இருந்தது இதுதான்: மொத்த எடை 50 கிராம், கழிவு 5 கிராம், நிகர எடை 45 கிராம், தரம் 20 காரட்.

கல் 2 கிராம்தானே, மீதி 3 கிராம் என்ன கழிவு என்று அக்கா கேட்டிருந்தால் உரையாடல் இப்படிப் போயிருக்கும்.

"அழுக்கு இருக்கும்மா."

"3 கிராம் அழுக்கா சார்? இதைப் போட்டுக்கிட்டுச் சாக்கடையா அள்ளினேன்?"

"பொடி, செம்பு, பத்தவச்சது எல்லாம் இருக்குல்லம்மா. கம்பெனி ரூல்."

இந்தக் 'கம்பெனி ரூல்' எந்தப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது என்று கேட்டால், மேனேஜர் சாப்பிடப் போயிருப்பார்.

சும்மா வயிற்றெரிச்சலில் பேசவில்லை. 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி 2 பங்கு செம்பு, வெள்ளி போன்ற கலப்பு. காரட் என்று எழுதும்போதே அந்தக் கலப்பைக் கழித்தாயிற்று. பற்றவைப்பில் இறங்கும் தரமும் காரட்டில்தான் காட்டப்பட வேண்டும். 'செம்பு இருக்கிறது' என்று எடையில் 3 கிராமைக் கிள்ளிவிட்டு, அதே செம்பைக் காட்டி 22 காரட்டை 20 ஆக்கினால், ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை. ஒரு கழிவை எடையில் போடலாம், இல்லையென்றால் தரத்தில் போடலாம். கல், அரக்கு, கயிறு, நூல் இவை எடையில் போக வேண்டியவை. அவை என்ன, எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். 'கழிவு 5' என்று மொத்தமாகப் போட்ட சீட்டில் யார் எதைத் தின்றார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது பெருக்கிப் பாருங்கள். 45 கிராமை 20-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால், 22 காரட் கணக்கில் 40.909 கிராம். மதிப்பு 4,09,090 ரூபாய். 4,80,000 ரூபாய்ப் பொருள் பேனா பட்டதும் 70,910 ரூபாய் குறைந்தது. தங்கமாகச் சொன்னால் 7 கிராமுக்கு மேல். ஒரு பவுனுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல்.

எல்லா இறக்கமும் களவு என்று நான் சொல்லவில்லை. பாட்டி காலத்து நகைகள் பலவற்றில் பற்றவைப்பு தாராளமாக இருக்கும். உரசிப் பார்த்தால் 20 காரட், அதற்கும் கீழே வருவது உண்மைதான். உள்ளே அரக்கு அடைத்த வளையலும் உண்டு. மதிப்பீட்டாளருக்கும் ஒரு பயம் இருக்கிறது: முலாம் பூசிய நகை தப்பிப் போனால் பழி அவர் தலையில்தான் விழும். கூட்டி எழுதினால் அவர் மாட்டிக்கொள்வார். குறைத்து எழுதினால் யாரும் கேட்பதில்லை. அவர் கை எந்தப் பக்கம் சாயும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ஆனால் அக்காவின் வளையல் ஹால்மார்க் போட்டது. உள்பக்கத்தில் ஆறு எழுத்தும் எண்ணுமாக ஒரு அடையாளக் குறி இருக்கிறது. BIS Care செயலியில் அந்தக் குறியை அடித்தால், எந்த நகை, என்ன தரம் என்று அரசாங்கத்தின் தர நிர்ணய அமைப்பே சொல்லும். அரசாங்கம் 22 என்று முத்திரை குத்தியதை இவர் கல்லில் ஒரு இழுப்பு இழுத்து 20 என்கிறார். சரி, இருக்கட்டும். எந்த நகை, எந்த இடத்தில் உரசி, எப்படி 20 வந்தது என்று எழுதிக் கொடுக்கட்டுமே. மூன்று வகை நகைக்கும் சேர்த்து ஒரே தரம் எழுதிய சீட்டு, எதையும் உரசாமல் எழுதிய சீட்டு என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே நகை ஒரு கம்பெனியில் 20 காரட்டாகப் படுத்துக் கிடக்கும்போது, எதிர்ச் சாரியில் இருக்கிற போட்டிக் கம்பெனி 'உங்கள் கடனை நாங்கள் அடைத்து, நகையை எங்களிடம் மாற்றிக்கொள்கிறோம், கூடுதல் பணமும் தருகிறோம்' என்று வரும். அன்றைக்கு அதே நகைக்கு 22 காரட் வந்துவிடும். ரோட்டைக் கடந்தால் தரம் ஏறும் உலோகத்தை வேதியியல் பாடத்தில் நான் படித்ததில்லை.

"குறைச்சு எழுதினா குறைச்சுத்தானே கடன் வரும், வட்டியும் குறைவு, நமக்கு நல்லதுதானே" என்று நினைக்கும் அப்பாவிகள் உண்டு. அக்காவும் அப்படித்தான் நினைத்தார். கேட்டது 3 லட்சம், கிடைத்தது 3 லட்சம், எடை எப்படி இருந்தால் என்ன? அங்கேதான் கண்ணி. அந்தச் சீட்டு கடனுக்குக் கணக்கு மட்டும் இல்லை, உங்கள் நகைக்கு ரசீதும் அதுதான். நாளைக்கு கிளையில் திருட்டுப் போனாலும், நகை மாறிப்போனாலும், நீங்கள் கேட்கக்கூடியது சீட்டில் இருக்கிற 45 கிராம் 20 காரட். கட்ட முடியாமல் நகை மூழ்கிப்போனால் இன்னும் மோசம். ஏலத்தின் ஆரம்ப விலை நகையின் நடப்பு மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி. இரண்டு ஏலம் தோற்றால்தான் 85. நல்ல விதி. ஆனால் எந்த மதிப்பில் 90? சீட்டின்படி என்றால் 3,68,181 ரூபாய். உண்மையின்படி என்றால் 4,32,000 ரூபாய். நடுவில் 63,819 ரூபாய் தொங்குகிறது. ஏலம் எடுப்பவர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போவார். கடன் போக மிஞ்சும் பணத்தை அக்காவுக்கு ஏழு வேலை நாளுக்குள் திருப்பித் தரவேண்டும் என்றும் விதி இருக்கிறது. எதை மிஞ்சவிட்டார்கள், திருப்பித் தர?

அடுத்த வரிக்கு வருவோம். சீட்டில் 'எல்டிவி 73.33%' என்று அச்சாகியிருக்கிறது. அதாவது நகை மதிப்பில் எத்தனை சதவீதம் கடனாகக் கொடுத்தார்கள் என்பது. 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி தங்கம், வெள்ளி அடமானக் கடனுக்குப் புது விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லோரும் அதற்கு வந்துவிட வேண்டும் என்று கெடு. அதன்படி இரண்டரை லட்சம் வரை 85 சதவீதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதற்கும் மேலே 75. (2025 ஏப்ரலில் வந்த வரைவு, நகை உங்களுடையதுதான் என்பதற்குச் சான்று கேட்டது. அம்மா காதிலிருந்து கழற்றிப் போட்ட தோட்டுக்கு யாரிடம் பில் இருக்கும்? தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்புக் குரல் போனது. இறுதி விதியில் பில் இல்லாதவர் உறுதிமொழி கொடுத்தால் போதும் என்று இறங்கினார்கள். தங்கத்தைக் கையில் வைத்திருப்பவனைச் சந்தேகப்படுவதில் இருக்கும் சுறுசுறுப்பு, அதை வாங்கி வைப்பவனைச் சந்தேகப்படுவதில் இருப்பதில்லை.)

அக்காவின் கடன் இந்த விதிக்கு உட்பட்டது என்று கொள்வோம். 3 லட்சத்துக்கு வரம்பு 80. சீட்டில் 73.33. பார்த்தால் சுத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் அக்கா வாங்கியது மாதத் தவணைக் கடன் இல்லை. ஒரு வருடம் கழித்து அசலும் வட்டியும் ஒன்றாகக் கட்டும் கடன். அப்படிப்பட்ட கடனுக்கு, கொடுத்த அசலை வைத்துச் சதவீதம் பார்க்கக் கூடாது; முடிவில் கட்ட வேண்டிய மொத்தத்தையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். போர்டில் போட்ட 12 சதவீத வட்டியைச் சேர்த்தாலே 3,36,000 ரூபாய். சீட்டு சொல்லும் 4,09,090-ல் அது 82 சதவீதத்துக்கு மேல். வரம்பு உடைந்தது.

இனி கம்பெனியின் பாடு திண்டாட்டம். நகையின் உண்மை மதிப்பான 4,80,000-ல் பார்த்தால் அதே 3,36,000 சரியாக 70 சதவீதம். விதிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆக, கடன் சட்டப்படி கொடுத்தது என்றால் எடையும் தரமும் பொய். எடையும் தரமும் உண்மை என்றால் கடன் வரம்பு மீறியது. இரண்டில் எது பொய் என்று அக்கா ஒரு கேள்வி கேட்டால் போதும், ஏசி அறையில் வேர்க்கும். இப்படியொரு சீட்டை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, எதிராளி கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கும் ஓர் அளவு வேண்டாமா!

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நகைக்கடை போர்டில் இருக்கும் விலையைக் கொண்டுபோய் சண்டை போட்டால் தோற்போம். கடன் கொடுப்பவர் எடுக்க வேண்டியது, அந்தத் தரத்துக்கு முந்தின நாளின் முடிவு விலை, கடந்த 30 நாள் சராசரி இந்த இரண்டில் எது குறைவோ அது. செய்கூலி, சேதாரம், கல்லின் விலை எதுவும் கணக்கில் வராது. தோட்டுக் கல்லுக்கு அக்கா எவ்வளவு கொடுத்திருந்தாலும் இங்கே அது கூழாங்கல். விலையில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். பெருக்கப்படும் எடையில்தான் வேலை நடக்கிறது.

வட்டிக்கு வருவோம். இங்கே எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

அக்கா ஜூன் 10 அன்று நகையைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். பணம் கணக்கில் விழுந்தது ஜூன் 12. செப்டம்பர் 18 அன்று சீட்டுப் பணம் எடுத்து, கடை வருமானத்தையும் சேர்த்து, நகையைத் திருப்பப் போனார். பணம் அவரிடம் இருந்தது 98 நாள். போர்டில் பெரிய எழுத்தில் 12 சதவீதம், பக்கத்தில் ஒரு சினிமா நட்சத்திரம் சிரிக்கிறார். 3 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36,000. அதை 365-ஆல் வகுத்து 98-ஆல் பெருக்கினால் 9,666 ரூபாய். அக்கா பத்தாயிரம் எடுத்துக்கொண்டு போனார்.

கணினி 24,000 என்றது.

"சார், பன்னெண்டு பர்சென்ட்டுன்னு சொன்னீங்களே?"

"அது மாசாமாசம் வட்டி கட்டினா மேடம். நீங்க கட்டலை. ஸ்கீம் மாறிடுச்சு."

இந்த 24,000-ஐப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று கை தெரியும். முதல் கை: கடனின் நிஜ வட்டி 24 சதவீதம். மாதம் தவறாமல் கட்டினால் பாதி 'தள்ளுபடி'. 90 நாள் தாண்டினால் தள்ளுபடி போச்சு, அதுவும் முதல் நாளிலிருந்தே போச்சு. 91-வது நாளிலிருந்து கூட்டியிருந்தாலாவது புரிந்துகொள்ளலாம். கழிந்துபோன மூன்று மாதத்துக்கும் பின்னால் போய்க் கூட்டுகிறார்கள். இதில் மட்டும் 9,666 ரூபாய். இரண்டாவது கை: பணம் கொடுக்காத இரண்டு நாளுக்கும் வட்டி. ஜூன் 10-லிருந்து எண்ணி 100 நாள் ஆக்கினார்கள். அதில் 395 ரூபாய் போல. சின்னத் தொகைதான்; கிளைக்கு எத்தனை பேர், நாட்டில் எத்தனை கிளை என்று யோசிக்காதவரை சின்னத் தொகைதான். மூன்றாவது கை: 100 நாளை 'நாலு மாதம்' ஆக்கி, மாதம் 2 சதவீதம் வீதம் வைத்தது. நாலாவது மாதத்தில் பத்து நாள்தான் ஓடியிருக்கும். முழு மாதத்துக்கும் கறந்துவிட்டார்கள். அதில் 4,274 ரூபாய்.

இதில் இரண்டாவதும் மூன்றாவதும் எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் தப்பு. பணம் கைக்குப் போவதற்கு முன்னாலேயே வட்டி போடுவது, சில நாள் பாக்கிக்கு முழு மாத வட்டி வாங்குவது இரண்டையும் பெயர் சொல்லிக் கண்டித்து 2024 ஏப்ரல் 29 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. அதிகமாக வாங்கியதைத் திருப்பிக் கொடு என்றது. முதல் கைதான் வழுக்கும் கை. இந்தத் தள்ளுபடி முறை கையெழுத்தான தாளில் தெளிவாக எழுதியிருந்தால், அது ஒப்பந்தம் என்று வாதாடுவார்கள். அதனால் பார்க்க வேண்டியது அடகுச் சீட்டை மட்டும் அல்ல. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்று கொடுக்க வேண்டும். கட்டணங்கள் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் ஒரே எண்ணாகப் போட்டிருக்க வேண்டும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தைக் கடனாளியின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் நடுவில் வசூலிக்க முடியாது. அக்கா தாளைத் தேடினார். போர்டில் 12 என்று சிரித்த நட்சத்திரம், தாளில் 24 என்று இருக்கும் பக்கத்தில் இல்லை. அந்தப் பக்கத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை போலும்.

அபராதம் என்று ஒரு வரியும் வரலாம். தாமதத்துக்கு அபராதக் கட்டணம் போடலாம். ஆனால் அதை வட்டி விகிதத்தில் ஏற்றக் கூடாது, அந்த அபராதத்துக்கு மேல் வட்டி போடவும் கூடாது. 'புதுப்பித்துக்கொள்ளுங்கள்' என்று கம்பெனி பாசத்தோடு கூப்பிடும்போது இதையெல்லாம் பார்க்க வேண்டும். ஏறிய வட்டியை அசலில் சேர்த்துப் புதுச் சீட்டு போட்டால் வட்டிக்கு வட்டி அன்றைக்கே குட்டி போடத் தொடங்கிவிடும். புது விதியின்படி, அசலும் வட்டியும் ஒன்றாகக் கட்டும் கடனைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் ஏறிய வட்டியை முதலில் கட்டியிருக்க வேண்டும். கட்டாமலே புதுப்பித்துத் தருகிறவர் தர்மவான் இல்லை.

இதெல்லாம் முதல் நாள் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பாதி தீர்ந்துவிடும். நகையைக் கொண்டுபோகும் முன் தெரிந்த ஆசாரியிடமோ நகைக்கடையிலோ ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதிக்கொள்ளலாம். கம்பெனியில் உரசும்போதும் எடை போடும்போதும் நாம் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது விதியே சொல்வது. "உள்ளே எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டு வர்றேம்மா" என்றால் கடனே வேண்டாம் என்று நகையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம். மொத்த எடை, நிகர எடை, காரட், கழிவு எதற்கு எவ்வளவு, உடைசல் இருந்தால் அது, நகையின் படம், மதிப்பு எல்லாம் எழுதிய மதிப்பீட்டுச் சான்று இரண்டு பிரதி போட்டு ஒன்றை நம்மிடம் தர வேண்டும். நாம் கேட்கும் மொழியில், நம் ஊரில் தமிழில். கிளைக்கு வெளியே 'உங்கள் குடும்பத்தில் ஒருவர்' என்று தமிழில் போர்டு வைப்பவர்களுக்கு, உள்ளே கையெழுத்து வாங்கும்போது மட்டும் தமிழ் மறந்துபோகிறது.

நகையைத் திருப்பாமல் வந்த அக்காவின் மகன் கணக்கை எழுதி, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினான். முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் cms.rbi.org.in-ல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று கடைசி வரியில் சேர்த்தான். (தெருமுனை அடகுக் கடை என்றால் இந்தக் கதவு கிடையாது, அது அடகுக் கடைக்காரர் சட்டத்தின் கீழ், வேறு கதை.) முப்பது நாள் தேவைப்படவில்லை. ஐந்தாம் நாள் மேனேஜரே போன் செய்தார். ஜூன் மாதம் 'அம்மா', செப்டம்பரில் 'மேடம்', இப்போது 'அக்கா'.

"அக்கா, சிஸ்டம் எரர் அக்கா. முழு மாசம், ரெண்டு நாள் ரெண்டையும் எடுத்துடறோம். இருபத்துநாலு பர்சென்ட் மட்டும் கம்பெனி பாலிசி, அது என் கையில இல்லை."

"அந்தத் தாள்ல இருபத்துநாலுன்னு இருக்கிற பக்கத்துல நான் கையெழுத்துப் போடலையே தம்பி?"

"…பேசிப் பார்க்கறேன் அக்கா."

"எடையில 3 கிராம் எங்கேன்னும் கேட்டிருந்தோமே?"

"அது நகையைத் திருப்பும்போது முழுசா வந்துடும் அக்கா, கவலைப்படாதீங்க. கடன் கட்டினா ஏழு வேலை நாளுக்குள்ள குடுத்தே ஆகணும், இல்லைன்னா ஒரு நாளைக்கு ஐயாயிரம் நாங்கதான் உங்களுக்குக் கட்டணும், தெரியுமில்ல?"

முதல்முறையாக அவர் வாயாலேயே ஒரு விதியைச் சொல்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, கிளைக்கு இந்த மாதம் 'டார்கெட்' இருக்கிறது, முடிந்தால் கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.